அட்வான்ஸ் ஒரு கணக்கு, வாடகை வேறு கணக்கு

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பெண் தையல்கடை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் மல்லிகா. கடைக்கு மாத வாடகை 6,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாத வாடகை, அதாவது 60,000. ஏப்ரல் 1 அன்று கட்டட உரிமையாளரிடம் அறுபதாயிரத்தைக் கொடுக்கிறார். மாதக் கடைசியில் அதே ஆளிடம் ஆறாயிரம் கொடுக்கிறார். இரண்டுமே ஒரே கல்லாவிலிருந்து போன பணம், ஒரே இடத்துக்காகப் போன பணம். நோட்டில் ‘கடைக்குக் கொடுத்தது 66,000’ என்று ஒரே வரியாக எழுதினாலும் கூட்டல் பிசகாது. ஆனால் அந்த வருடம் கடையில் மிஞ்சியது எவ்வளவு என்று கேட்டால் அந்த நோட்டு தப்பான பதிலைத்தான் சொல்லும்.

ஆறாயிரம் போனது போனதுதான். ஏப்ரல் மாதம் முழுக்க அந்த இடத்தில் உட்கார்ந்து தைத்தாயிற்று. அதைத் திருப்பிக் கேட்க முடியாது. அறுபதாயிரம் அப்படிப் போகவில்லை. கட்டட உரிமையாளர் அதை மல்லிகாவுக்குத் தர வேண்டியவர்; கடையைக் காலி செய்யும் நாளில் அது திரும்பி வர வேண்டும். முதலாவதை எழுத வேண்டிய இடம் ‘வாடகை’ என்ற கணக்கு. இரண்டாவதை எழுத வேண்டிய இடம் அந்த மனிதரின் பெயரிலேயே ஒரு கணக்கு.

இந்த வேறுபாட்டைக் காட்டத்தான் கணக்குப் பதிவியலில் மூன்று வகைகள் இருக்கின்றன. பதினோராம் வகுப்பில் கணக்குப் பதிவியல் எடுத்தவர்களுக்குப் பெயர்கள் நினைவிருக்கும்: ஆள்சார் கணக்கு, சொத்துக் கணக்கு, பெயரளவுக் கணக்கு. பாடமாகப் படித்தபோது இவை மனப்பாடம் செய்ய வேண்டிய மூன்று தலைப்புகளாக இருந்திருக்கும். கடைக்குள் வந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான சான்றைக் கேட்கிறது.

ஒருவரிடம் போய் “நீங்கள் எனக்கு இவ்வளவு தரணும், சரிதானே?” என்றோ, “நான் உங்களுக்கு இவ்வளவு தரணும், சரிதானே?” என்றோ கேட்க முடிந்தால் அது ஆள்சார் கணக்கு. அந்த ஒருவர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வங்கி, பள்ளிக்கூடம், கம்பெனி, அரசாங்கம் எல்லாமே இதில் அடங்கும். கணக்கை எண்ணியோ அளந்தோ பார்த்துச் சரிபார்க்க முடிந்தால் அது சொத்துக் கணக்கு: கல்லாவில் உள்ள ரொக்கம், தையல் இயந்திரம், மேசை. வணிகத்தின் நற்பெயருக்கு விலை கொடுத்து வாங்கினால், கையால் தொட முடியாவிட்டாலும் அதுவும் இந்த வகைதான். மூன்றாவது வகையில் கேட்கவும் ஆளில்லை, எண்ணவும் பொருளில்லை. ஏப்ரல் மாத வாடகையை எங்கே போய்ப் பார்ப்பது? போன மாதம் எரிந்த மின்சாரத்தைக் காட்ட முடியுமா? ரசீது மட்டும் இருக்கும். செலவு, நட்டம், வருமானம், லாபம் என்று பெயர் மட்டும் உள்ளவை பெயரளவுக் கணக்குகள்.

வகை தெரிந்துவிட்டால் பற்றா வரவா, அதாவது டெபிட்டா கிரெடிட்டா என்பதற்கு மூன்று விதிகள். ஆள்சார் கணக்கில் பெறுபவரைப் பற்று செய், தருபவரை வரவு செய். சொத்துக் கணக்கில் உள்ளே வருவதைப் பற்று செய், வெளியே போவதை வரவு செய். பெயரளவுக் கணக்கில் செலவையும் நட்டத்தையும் பற்று செய், வருமானத்தையும் லாபத்தையும் வரவு செய். பாடநூல்கள் இவற்றைப் பொன் விதிகள் என்கின்றன.

பலரும் தடுக்கி விழும் இடம் இரண்டாவது விதி. பணம் வந்தால் வரவு என்றுதான் நாம் பேசுகிறோம். வீட்டு நோட்டிலும் அப்படித்தான் எழுதுகிறோம். இந்த விதியோ, உள்ளே வரும் ரொக்கத்தைப் பற்று செய்யச் சொல்கிறது. பழைய மளிகைக்கடை நாள்வழியில் வரவுப் பக்கத்தைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். அங்கே ‘இன்னார் வரவு 500’ என்று இருக்கும். அந்த வரி சொல்வது இன்னாரைப் பற்றி; கல்லாவைப் பற்றி அல்ல. ஐந்நூறைத் தந்தவர் அவர், ஆகவே வரவு அவர் பேரில் ஏறுகிறது. கல்லாவுக்கென்று அங்கே தனிக் கணக்கு எழுதுவதில்லை. அந்த ஏடே கல்லாவின் கணக்கு. இரட்டைப் பதிவு முறை கல்லாவையும் ஒரு கணக்காக்கி எதிரே நிறுத்துகிறது. இன்னார் தந்தார், கல்லா பெற்றது. பெற்றதற்குப் பற்று.

இதே காரணத்தால்தான் பாஸ்புக் நம்மைக் குழப்புகிறது. ஏப்ரல் 5 அன்று மல்லிகா வங்கியில் 40,000 ரூபாய் போடுகிறார். அவருடைய புத்தகத்தில் வங்கி ஒரு ஆள். பணத்தைப் பெற்ற ஆள். எனவே வங்கிக் கணக்கில் பற்று. பாஸ்புக்கிலோ அதே தொகை கிரெடிட் என்று அச்சாகியிருக்கும். பாஸ்புக் என்பது வங்கியின் பேரேட்டில் மல்லிகாவுக்கு ஒதுக்கிய பக்கத்தின் நகல். அந்தப் பேரேட்டில் மல்லிகாதான் ஆள். பணத்தைத் தந்த ஆள். எனவே அவர் பேரில் வரவு. யாருடைய புத்தகம் கையில் இருக்கிறது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மல்லிகாவின் கடைக்கும் இதே கேள்வி பொருந்தும். கணக்கு எழுதுவது மல்லிகா அல்ல, கடை. கடையும் மல்லிகாவும் வேறு வேறு ஆட்கள் என்று வைத்துக்கொண்டுதான் முதல் பதிவே தொடங்குகிறது. சேமிப்பிலிருந்து அவர் 2,00,000 ரூபாய் போட்டுக் கடையைத் தொடங்குகிறார். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் கேள்விகளை ஒரே வரிசையில் கேட்க வேண்டும். எந்த இரண்டு கணக்குகள் மாறுகின்றன? ரொக்கமும் மல்லிகாவின் முதலும். அவை என்ன வகை? ரொக்கம் சொத்துக் கணக்கு. முதல் என்பது மல்லிகா என்ற ஆளின் கணக்கு. விதி என்ன சொல்கிறது? ரொக்கம் உள்ளே வந்தது, பற்று. மல்லிகா தந்தவர், வரவு. குறிப்பேட்டில் இப்படி விழும்:

ரொக்கக் க/கு (ப) 2,00,000
மல்லிகா முதல் க/கு (வ) 2,00,000

வகையைக் கேட்காமல் நேராக மூன்றாவது கேள்விக்குத் தாவுவதால்தான் பெரும்பாலான தப்புகள் வருகின்றன. பணம் வெளியே போனதா, அப்படியானால் செலவு, பற்று செய் என்று கை தானாக எழுதிவிடும். வெளியே போன பணமெல்லாம் செலவாகிவிடாது.

ஏப்ரல் 1 அன்று கொடுத்த அட்வான்ஸில் மாறும் கணக்குகள், கட்டட உரிமையாளர் என்ற ஆளும் ரொக்கமும். அவர் பெற்றார், பற்று 60,000. ரொக்கம் வெளியே போனது, வரவு. ஏப்ரல் 30 அன்று கொடுத்த வாடகையில் மாறுபவை வாடகையும் ரொக்கமும். வாடகை செலவு, பற்று 6,000, ரொக்கம் வரவு. இரண்டாவது பதிவில் கட்டட உரிமையாளரின் பெயர் வரவே கூடாது. பணத்தை வாங்கிக்கொண்டவர் அவர்தானே, பெறுபவரைப் பற்று செய்யத்தானே விதி சொல்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த ஆறாயிரத்துக்கு ஈடாக ஒரு மாதம் இடத்தை அவர் கொடுத்து முடித்துவிட்டார். இனி அவர் தர வேண்டியது எதுவும் இல்லை. பதிவுக்குப் பின்னால் அந்த ஆள் நமக்கோ நாம் அந்த ஆளுக்கோ கடன்பட்டு நின்றால்தான் பெயர் ஏட்டில் ஏற வேண்டும்.

சம்பளமும் இதே ரகம். கடையில் காஜா எடுக்கவும் பட்டன் கட்டவும் ஒரு பெண் வருகிறார், மாதச் சம்பளம் 9,000. அதைக் கொடுக்கும்போது எழுத வேண்டியது சம்பளக் கணக்கில். அந்தப் பெண்ணின் பெயரில் அல்ல. தீபாவளிக்கு முன்பு அவர் 5,000 ரூபாய் முன்பணம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்; மாதம் ஆயிரமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. இப்போது அவர் பெயரில் கணக்கு திறந்தாக வேண்டும், ஏனென்றால் இது கடன். அவர் கணக்கில் பற்று 5,000, ரொக்கம் வரவு 5,000.

அடுத்த மாதம் கையில் கொடுப்பது 8,000. சிறு கடைகளில் பெரும்பாலும் ‘சம்பளம் 8,000’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். முன்பணம் கொடுத்த அன்று அந்த ஐயாயிரத்தையும் சம்பளமாகவே எழுதியிருப்பார்கள். வருட முடிவில் மொத்தம் எப்படியோ ஒத்துப்போகும். ஆனால் அந்தப் பெண் இரண்டே மாதத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டால் பாக்கி மூவாயிரம் இருப்பதை ஏட்டில் எங்கும் பார்க்க முடியாது. சரியான பதிவில் மூன்று கணக்குகள் வரும். அவர் உழைப்புக்கு உண்டான சம்பளம் முழு ஒன்பதாயிரம், அது செலவு, பற்று. வெளியே போன ரொக்கம் எட்டாயிரம், வரவு. கடனில் ஆயிரம் அவர் திருப்பித் தந்ததற்குச் சமம், தருபவர் என்ற முறையில் அவர் பெயரில் வரவு ஆயிரம். ஒரு பக்கம் 9,000, மறுபக்கம் 8,000 கூட்டல் 1,000.

பெயரளவுக் கணக்கு ஒன்று ஆள்சார் கணக்காக மாறும் தருணமும் உண்டு. மார்ச் மாதம் கையில் பணம் இல்லை. வாடகையை அடுத்த மாதம் தருவதாக மல்லிகா சொல்லிவிடுகிறார். மார்ச் 31 அன்று வருடக் கணக்கை முடிக்க வேண்டும். பணம் கொடுக்கவில்லை என்பதற்காக அந்த மாதம் வாடகையே இல்லை என்று ஆகிவிடாது, இடத்தைப் பயன்படுத்தியாயிற்று. வாடகைக் கணக்கில் பற்று 6,000. எதிரே ரொக்கத்தை எழுத முடியாது, அது நகரவில்லை. அங்கே ‘கொடுபட வேண்டிய வாடகை’ என்று ஒரு கணக்கு வரும், அதில் வரவு 6,000. பெயரில் வாடகை என்று இருந்தாலும் இது பெயரளவுக் கணக்கு அல்ல. ‘தருகிறேன்’ என்று சொல்லி நிற்கிற கடன் அது. பின்னால் கட்டட உரிமையாளர் என்ற ஆள் இருக்கிறார். ஆளுக்குப் பதிலாக நிற்கும் இத்தகைய கணக்குகளைப் பிரதிநிதித்துவ ஆள்சார் கணக்கு என்பார்கள். முன்கூட்டிச் செலுத்திய காப்பீட்டுத் தொகையும் இந்த வகைதான். அங்கே கடன்பட்டவர் எதிராளி.

ஏப்ரல் முதல் வாரத்தில் அந்த ஆறாயிரத்தைக் கொடுக்கும்போது மறுபடியும் ‘வாடகை’ என்று எழுதிவிடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் தப்பு. அப்படி எழுதினால் புது வருடத்தில் பதின்மூன்று மாத வாடகை ஏறி நிற்கும்; பழைய கடன் தீராதது போலக் கிடக்கும். பற்று செய்ய வேண்டியது கொடுபட வேண்டிய வாடகைக் கணக்கைத்தான்.

மூன்று வகைகளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் மார்ச் 31 அன்றுதான் பளிச்சென்று தெரியும். மல்லிகாவின் வாடகைக் கணக்கில் அன்று ரொக்கமாகக் கொடுத்த பதினொரு மாதமும் பாக்கி ஒரு மாதமும் சேர்ந்து 72,000 நிற்கும். அது அப்படியே லாப நட்டக் கணக்குக்கு மாற்றப்படும். வாடகைக் கணக்கு பூஜ்யமாகிவிடும். சம்பளம், மின்கட்டணம், தையல் கூலி வருமானம் எல்லாவற்றுக்கும் அதே கதி. ஏப்ரல் 1 அன்று அவை பழைய நினைவு எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்கும். ஆள்சார் கணக்கும் சொத்துக் கணக்கும் அப்படி முடிவதில்லை. கட்டட உரிமையாளரிடம் உள்ள அறுபதாயிரமும், ஈரோட்டுத் துணி வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கியும், கல்லாவில் உள்ள பணமும் ஐந்தொகையில் ஏறி, அதே தொகையோடு அடுத்த வருடத்துக்குப் போகும்.

அட்வான்ஸை வாடகைக் கணக்கில் எழுதினால் என்ன நடக்கும் என்பது இப்போது தெரியும். அறுபதாயிரம் மார்ச் 31 அன்று லாப நட்டக் கணக்குக்குள் போய்க் கரைந்துவிடும். அந்த வருட லாபம் அறுபதாயிரம் குறைந்து தெரியும். அதைவிடக் கெட்டது, கட்டட உரிமையாளர் நமக்குத் தர வேண்டிய பணம் ஏட்டிலிருந்தே மறைந்துவிடும். ஏழு வருடம் கழித்து வேறு யாராவது கணக்கைப் பார்த்தால் அப்படி ஒரு அட்வான்ஸ் கொடுத்ததற்கான தடயமே இருக்காது.

இருப்பாய்வு, அதாவது எல்லாக் கணக்குகளின் பற்று இருப்பையும் வரவு இருப்பையும் தனித்தனியே கூட்டிப் பார்க்கும் பட்டியல், இந்தத் தப்பைப் பிடிக்காது. பற்று எழுத வேண்டிய இடத்தில் பற்றுதான் எழுதியிருக்கிறோம், தொகையும் சரி. கணக்கு மட்டும்தான் வேறு. இரண்டு பக்கமும் பைசா பிசகாமல் ஒத்துப்போகும். ‘டேலி ஆயிடுச்சு’ என்று நிம்மதியாகப் போகிறவர்களை இந்த வகைத் தப்புதான் ஏமாற்றுகிறது.

அதைப் பிடிக்கும் வழி வகையிலேயே இருக்கிறது. பெயரளவுக் கணக்கைச் சரிபார்க்க எண்ணவோ கேட்கவோ முடியாது என்றாலும், எவ்வளவு இருக்க வேண்டும் என்று நியாயமாகக் கணக்கிட முடியும். மாதம் ஆறாயிரம் என்றால் வருடத்துக்கு 72,000. வாடகைக் கணக்கில் 1,32,000 நிற்கிறது. அதை ஆறாயிரத்தால் வகுத்தால் இருபத்திரண்டு மாதம் வருகிறது. வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம்தானே! மீதிப் பத்து மாதம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஏப்ரல் 1 பதிவில் போய் நிற்கும். தப்பு எதிர்ப்பக்கமாக நடந்திருந்தால், அதாவது மாத வாடகையைக் கட்டட உரிமையாளர் பெயரில் எழுதியிருந்தால், அவரிடமே “உங்களிடம் எங்கள் பணம் எவ்வளவு இருக்கிறது?” என்று கேட்டால் போதும். தணிக்கையாளர்கள் வருட முடிவில் கடனாளிகளுக்கு இருப்பை உறுதிசெய்யச் சொல்லிக் கடிதம் அனுப்புவது இந்தக் கேள்வியைத்தான். ரொக்கத்தையும் இயந்திரத்தையும் போய் எண்ணிவிடலாம்.

சொத்துக்கும் செலவுக்கும் நடுவில் உள்ள கோடு இன்னும் வழுக்கலானது. மல்லிகா ஏப்ரல் 2 அன்று மூன்று தையல் இயந்திரங்கள் வாங்குகிறார், ஒன்று 18,000 வீதம் 54,000. லாரி வாடகையும் பொருத்துக் கூலியும் 1,500. கூலி என்ற சொல்லைக் கண்டதும் கூலிக் கணக்கில் எழுதக் கை பரபரக்கும். ஆனால் இயந்திரம் கடைக்குள் வந்து ஓடத் தொடங்கும்வரை ஆகும் செலவெல்லாம் அந்த இயந்திரத்தின் விலையில் சேரும். எனவே இயந்திரக் கணக்கில் பற்று 55,500. ஆறு மாதம் கழித்து ஒரு இயந்திரத்தில் பெல்ட் அறுந்து, மெக்கானிக்குக் கொடுத்த 400 ரூபாய் அப்படி அல்ல. இயந்திரம் முன்பு இருந்த நிலைக்குத்தான் திரும்பியது, கூடுதலாக எதுவும் உள்ளே வரவில்லை. அது பழுதுபார்ப்புச் செலவு, பெயரளவுக் கணக்கு. கொடுத்த ஆளையோ ரசீதில் உள்ள சொல்லையோ பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. பணம் கொடுத்த பிறகு கையில் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த மூன்று விதிகளும் ஏன் இப்படி அமைந்தன என்பதைப் பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் நெடுநாள் குறை. மூன்றையும் மூன்று தனித்தனிக் கட்டளைகளாகவே மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். உண்மையில் முதல் விதி ஒன்றே போதும். மற்ற இரண்டும் அதிலிருந்து கிளைத்தவை. யார் யாருக்குத் தர வேண்டும் என்று எழுதி வைப்பதுதான் ஆதிக் கணக்கு. பெற்றவன் பற்றாளி, தந்தவன் வரவாளி. ரொக்கத்துக்கும் சரக்குக்கும் கணக்கு எழுத வேண்டி வந்தபோது, கல்லாவையும் கிட்டங்கியையும் ஆட்களைப் போலவே நடத்தினார்கள். கல்லா பணத்தைப் பெற்றுக்கொண்டது, அதற்குப் பொறுப்பு, எனவே பற்று. கொடுத்துவிட்டது, பொறுப்பு குறைந்தது, எனவே வரவு. உள்ளே வருவது, வெளியே போவது என்ற இரண்டாவது விதி இப்படிப் பிறந்ததுதான்.

மூன்றாவதைப் புரிந்துகொள்ள முதல் கணக்கைப் பார்க்க வேண்டும். மல்லிகா தந்த இரண்டு லட்சம் அவர் பேரில் வரவாக நிற்கிறது; கடை அவருக்குத் தர வேண்டியது அது. கடைக்கு வருமானம் வந்தால் அது யாருக்குச் சேரும்? மல்லிகாவுக்கு. அப்படியானால் அவர் பேரில் உள்ள வரவு கூட வேண்டும். எனவே வருமானம் வரவு. செலவு ஆனால் அவருக்குச் சேர வேண்டியது குறைகிறது. எனவே செலவு பற்று. ஒவ்வொரு நாளும் முதல் கணக்கிலேயே கூட்டிக் கழித்து எழுதலாம். ஆனால் எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று தெரியாது. அதற்காக வாடகை, சம்பளம் என்று தற்காலிகப் பக்கங்களைத் திறந்து, வருட முடிவில் மொத்தத்தையும் முதல் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். பெயரளவுக் கணக்குகள் மார்ச் 31 அன்று பூஜ்யமாவதற்கும் இதுவே காரணம். வீட்டு மளிகைக்கு மல்லிகா கல்லாவிலிருந்து எடுக்கும் இரண்டாயிரத்தை ஏன் கடைச் செலவில் எழுதக் கூடாது என்பதும் இதிலேயே விளங்கும். அது கடை செய்த செலவல்ல. மல்லிகா என்ற ஆள் பெற்றுக்கொண்டது. எடுப்புக் கணக்கு என்ற ஆள்சார் கணக்கில் பற்று.

வெனிஸ் வணிகர்கள் கையாண்டு வந்த இரட்டைப் பதிவு முறையை லூக்கா பாச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி தன் கணித நூலின் ஒரு பகுதியாக எழுதி, அது 1494இல் வெனிஸில் அச்சானது. மூன்று வகைப் பாகுபாடு பிறகு ஆங்கிலப் பாடநூல்கள் வழியாக வலுப்பெற்றது. 1736இல் எடின்பரோவில் வெளியான ஜான் மேயரின் கணக்கு நூலில் மூன்றாவது வகைக்குக் கற்பனைக் கணக்கு என்றே பெயர். எண்ணவும் கேட்கவும் எதுவும் இல்லாத கணக்குக்கு அது பொருத்தமான பெயர்தான்.

ஆனால் இந்தப் பாகுபாடு எல்லா இடத்திலும் அழகாகப் பொருந்திவிடும் என்று சொன்னால் பொய். ஏப்ரல் 10 அன்று மல்லிகா ஈரோட்டு மொத்த வியாபாரியிடம் 30,000 ரூபாய்க்குத் துணி கடனுக்கு வாங்குகிறார். வியாபாரி தந்தவர், வரவு. அதில் சந்தேகம் இல்லை. எதிரே உள்ள கொள்முதல் கணக்கு எந்த வகை? உள்ளே வந்தது துணி, ஆகவே சொத்துக் கணக்கு என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். வருட முடிவில் வியாபாரக் கணக்குக்கு மாற்றிப் பூஜ்யமாக்கிவிடுவதால் பெயரளவுக் கணக்கு என்று வேறு சிலர். எப்படி வைத்தாலும் பற்றுதான் வரும் என்பதால் சண்டை பெரிதாகவில்லை. அது நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால் பெயரளவுக் கணக்கு என்பவர்கள் பக்கமே எனக்கு நியாயம் தெரிகிறது. மிச்சமிருக்கும் துணி சரக்கிருப்பு என்ற தனிச் சொத்துக் கணக்காக ஏறுகிறது.

வாராக்கடனில் சொற்கள் இன்னும் இழுபடும். ஒரு பள்ளிக்கு 40 ஜோடிச் சீருடை, ஜோடி 550 வீதம் 22,000 ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்தாயிற்று. பள்ளி பெற்றது, பற்று, வருமானம் வரவு. பள்ளி 19,000 கட்டிவிட்டு மீதி மூவாயிரத்தைத் தர முடியாது என்று கைவிரித்துவிடுகிறது. நட்டம் 3,000 பற்று என்பது தெளிவு. அப்படியானால் பள்ளியின் கணக்கில் வரவு எழுத வேண்டும். தருபவரை வரவு செய் என்கிறது விதி. பள்ளிதான் எதையும் தரவில்லையே! இந்த மாதிரி இடத்தில் விதியின் சொற்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஐயமில்லாத பக்கத்தை முதலில் எழுதிவிட்டால், மறுபக்கம் எதிர்மாறாகத்தான் இருக்க முடியும். அனுபவமுள்ள கணக்குப்பிள்ளைகள் செய்வது அதுதான்.

தேய்மானம் ஓரளவு பொருந்தும். 55,500 ரூபாய் இயந்திரத்துக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம் என்று வைத்தால் 8,325. நட்டம் பற்று, இயந்திரத்தின் மதிப்பில் ஒரு பகுதி வெளியே போனதாகக் கொண்டு இயந்திரக் கணக்கில் வரவு. ஆனால் பெரிய நிறுவனங்கள் இயந்திரக் கணக்கைத் தொடாமல், தேய்மானத்தைத் தனியே சேர்த்து வைக்கும் ஒரு கணக்கில் வரவு வைக்கின்றன. அந்தக் கணக்கு ஆளும் இல்லை, எண்ணக்கூடிய பொருளும் இல்லை, வருட முடிவில் பூஜ்யமாவதும் இல்லை. மூன்று வகைகளில் எதற்குள்ளும் அதைத் திணிக்க முடியாது. இதற்குத்தான் நவீன அணுகுமுறை சொத்து, பொறுப்பு, முதல், வருமானம், செலவு என்று ஐந்தாகப் பிரித்து, கூடினால் எந்தப் பக்கம், குறைந்தால் எந்தப் பக்கம் என்று கேட்கிறது. சொத்தும் செலவும் கூடினால் பற்று. பொறுப்பு, முதல், வருமானம் கூடினால் வரவு. குறைந்தால் எதிர்ப்பக்கம். பள்ளியிடமிருந்து வர வேண்டிய சொத்து மூவாயிரம் குறைந்தது, எனவே வரவு என்று வாராக்கடனும் சிக்கலில்லாமல் தீர்கிறது. இந்த வழியில் பார்த்தாலும் பதில்கள் மாறுவதில்லை.

இப்போது பெரும்பாலான கடைகளில் டேலி மென்பொருளில் கணக்கு எழுதுகிறார்கள். பணம் கொடுத்ததற்கான வவுச்சரில் எது பற்று, எது வரவு என்று அதுவே வரிசைப்படுத்திக்கொள்ளும். வகையைக் கேட்கும் வேலை மட்டும் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. புதிதாக ஒரு கணக்கைத் திறக்கும்போது Under என்ற இடத்தில் அது எந்தக் குழுவில் சேரும் என்று கேட்கும். கடை அட்வான்ஸுக்கு அங்கே Deposits (Asset) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாடகைக்கு Indirect Expenses. அட்வான்ஸை இரண்டாவது குழுவில் போட்டாலும் டேலி தடுக்காது. அது லாப நட்டக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐந்தொகையைத் திறந்து, கட்டட உரிமையாளரின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியவரும்.